நகராத சரக்கு

என் கொழுந்தன் கடை திறந்த மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவர் ரீஃபில் வாங்க வந்தார். மீதிச் சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியவர், திரும்பி நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, கடை திறந்து முழுதாக மூன்று நாள் ஆகவில்லை. அதற்குள் சரக்கு நகரவில்லை என்று பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டீர்களே" என்றார்.

கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளி விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்துவிட்டது. காரணம், பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை.

விஷயம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் ஸ்டேஷனரி என்றுதான் சொல்கிறோம்.

```
stationary
stationery
```

மேலே இருப்பது நகராமல் நிற்பதைக் குறிக்கும். கீழே இருப்பது காகிதம், பேனா, பென்சில், உறை முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும். பத்து எழுத்துகளில் எட்டாவது மட்டும்தான் வேறு. ஒன்றில் ஏ, மற்றதில் இ. நான் ஏ போட்டுக் கொடுத்திருந்தேன். எட்டடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸ் பலகையில், மஞ்சள் பின்னணியில், சிவப்பு நிறத்தில், தெருமுனை வரைக்கும் தெரியும்படி 'நகராத பொருள்கள் கிடைக்கும்' என்று அறிவித்திருந்தோம்.

தவறு நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணி, நீங்கள் இங்கிலீஷ் டீச்சர். எழுத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள், எனக்கு பயமாக இருக்கிறது" என்று கொழுந்தன் சொன்னபோது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த பையன் அப்படியே தட்டச்சு செய்தான். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லின் அடியில் சிவப்பாக நெளிகோடு வருமே, அது வரவில்லை. "கம்ப்யூட்டரே சரி என்கிறது டீச்சர்" என்றான் பையன். நானும் தலையாட்டினேன். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் எழுத்தைக் குறை சொல்லாது. அந்த இடத்தில் வரவேண்டியது எந்தச் சொல் என்பதை எழுதுகிறவர்தான் பார்க்க வேண்டும். அதே தாளைக் கொண்டுபோய்க் கொழுந்தன் பில் புத்தகமும் அடித்துவிட்டார், ரப்பர் ஸ்டாம்பும் செய்துவிட்டார். ஆக, மூன்று இடத்தில் நகராத சரக்கு.

காதை நம்பினால் இந்தச் சொற்களைப் பிரிக்கவே முடியாது. ஆங்கிலேயர் பேசும்போதே அந்த எட்டாவது எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள். நாம் தமிழில் எழுதும்போது 'ஸ்டேஷனரி' என்று எழுதுகிறோம். அதில் வரும் 'ன' என்ற எழுத்துக்குள் அகரம் ஒளிந்திருக்கிறது. அந்த அகரம் நம் கையைப் பிடித்து ஏ பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. என் கண்ணில் பட்ட பலகைகளில் எழுதுபொருளுக்கு ஏ போட்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நிற்கும் வண்டிக்கு யாராவது இ போட்டதைப் பார்த்த நினைவே இல்லை. தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்டது பிற்பாடு வகுப்பில் எனக்கு உதவியது.

அவமானத்தை மறக்க ஒரே வழி, அதைப் பாடமாக நடத்திவிடுவதுதான். மறுநாளே கரும்பலகையில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து எழுதினேன். ஆங்கில ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் உத்தி ஒன்று உண்டு. கடித உறைக்கு ஆங்கிலத்தில் என்வலப். அது இ என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஆகவே உறை விற்கும் கடைக்கு இ போட வேண்டும். நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லித்தந்ததும் இதுதான். எனக்கே அது தக்க நேரத்தில் கைகொடுக்கவில்லை என்பதை வகுப்பில் நான் சொல்லவில்லை.

பிள்ளைகள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. "என்வலப் என்றால் என்ன மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். "ஓ, கவர்!" என்றது வகுப்பு. நம் ஊரில் அதற்குக் கவர் என்றுதான் பெயர். கல்யாணத்தில் மொய் வைப்பதும் கவரில்தான், காய்கறி வாங்கி வருவதும் கவரில்தான். பிள்ளையின் நாவில் புழங்காத ஒரு சொல்லைக் கொண்டு இன்னொரு சொல்லை எப்படி நினைவில் நிறுத்துவது? சரி, அழிப்பான் என்றேன், இரேசர், அதுவும் இ. "அது ரப்பர் மிஸ்" என்றார்கள். பேப்பர் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தால் ஏ, இ இரண்டுமே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், ஸ்டேஷனரி கடையில் ஏ-ஃபோர் பேப்பர்தானே விற்கிறார்கள்? அப்படியானால் ஏ தானே வர வேண்டும்?" வகுப்பு முழுக்க அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னொருத்தன் டைரியையும் டிக்‌ஷனரியையும் கொண்டுவந்தான். இரண்டும் அதே கடையில் விற்பவை, இரண்டின் கடைசியிலும் ஏ, ஆர், ஒய். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வார இறுதியில் வைத்த சிறு தேர்வில், பாடம் நடத்துவதற்கு முன்னால் சரியாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலரும் தவறாக எழுதியிருந்தார்கள். பாடம் நடத்திக் கெடுத்துவிட்டேன்.

விடை வருகைப் பதிவேட்டில் இருந்தது. எங்கள் பள்ளியில் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கிறோம். கடையின் பழைய பலகைக்குப் பதிலாகத் தமிழில் 'எழுதுபொருள் அங்காடி' என்று ஒரு சின்னப் பலகை வைக்கலாமா என்று கொழுந்தன் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதுதான் ஸ்டேஷனரிக்குத் தமிழ் என்றேன். எழில் என்று தொடங்கும் பெயர்கொண்ட ஒரு மாணவி உடனே சொன்னாள்: "மிஸ், இதற்கும் என் பெயருக்கும் ஒரே முதல் எழுத்து."

அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து இ. எழுதுபொருளை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் முதல் எழுத்து அதே இ. அப்படியானால் மற்றது? நகராதது என்று பார்த்தால் என் என்ற எழுத்து வருகிறது, பயனில்லை. அசையாதது என்று சொல்லிப் பார்த்தேன். அசையாததை ஆங்கில எழுத்தில் எழுதினால் முதலில் ஏ நிற்கிறது! அருண், அன்பு, அமுதா என்று வகுப்பில் எத்தனை பேர் தங்கள் பெயரை ஏ போட்டுத் தொடங்குகிறார்கள். எழுதுபொருளுக்கு இ, அசையாததற்கு ஏ. உறையும் ரப்பரும் தேவையே இல்லை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமாக ஆங்கிலச் சொற்களே அமையாது என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பு மறுநாள் காலை வரைக்கும் நிலைத்தது.

மறுநாள் இதே எட்டாம் வகுப்பின் இன்னொரு பிரிவுக்குப் போனேன். அவசரத்தில் கரும்பலகையில் எழுதாமல் வாயாலேயே சொன்னேன். "எழுதுபொருள் என்பதில் முதல் எழுத்து என்ன? எ. அப்படியானால் ஸ்டேஷனரியில் என்ன போடுவீர்கள்?" வகுப்பு ஒரே குரலில் "ஏ" என்றது. தப்பு பிள்ளைகளுடையது இல்லை. தமிழில் எ-வுக்கு நெடில் ஏ. ஆங்கிலத்தின் முதல் எழுத்தின் பெயரும் ஏ. எழுது, எ, ஏ என்று காது வழியாகப் போனால் நேராகத் தவறான எழுத்தில் போய் நிற்கும். என் அருமையான உத்திக்குள்ளேயே ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. முதல் நாள் நாங்கள் அதில் விழாமல் தப்பியது, அந்தப் பெண்ணின் பெயரைக் கையால் எழுதிப் பார்த்ததால்தான்.

அதிலிருந்து இதை நான் வாயால் சொல்லித்தருவதில்லை. பிள்ளைகள் தங்கள் நோட்டில் எலி, எருமை, எழில் என்று மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். மூன்றும் எந்த எழுத்தில் தொடங்குகின்றன என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். நான்காவதாக எழுதுபொருள் என்பதை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆங்கிலச் சொல். அந்த எழுத்தின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் 'இ-மெயில் இ' என்கிறோம். கை செய்த வேலையைக் காது கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஐந்து நிமிடம் கூடுதலாகப் போகிறது, போகட்டும்.

இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபாட்டைக் காட்டினேன் அல்லவா, அதுவேதான் குழப்பத்தை வளர்த்தது. இரட்டையர் இருவரையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால், இரண்டு பெயர் நினைவில் இருக்கும், எது யாருடையது என்பது இருக்காது. இப்போது எழுதுபொருளுக்கான சொல்லை மட்டும் முதலில் நடத்துகிறேன். பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பது அதுதான், தவறும் அதில்தான் அதிகம். அது கையில் படிந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து மற்றதை எடுக்கிறேன். அதற்கென்று பெரிய பாடம் ஒன்றும் நடத்துவதில்லை. எழுதுபொருளா என்று கேள், இல்லையென்றால் ஏ போடு என்பதோடு முடிந்துவிடுகிறது.

'அசையாதது' என்ற பாதியைப் பிறகு நான் ஓரங்கட்டிவிட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பழைய மாணவன் ஒருவன் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான். வழியில் பார்த்தபோது மடக்கினான். "மிஸ், நிலை அலை என்று ஒரு பாடம் வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கும் ஸ்டேஷனரி என்ற சொல்தான். ஆனால் கம்பி அசைகிறதே, அப்புறம் எப்படி அசையாதது?" நியாயமான கேள்வி. இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பியை மீட்டினால் அது மேலும் கீழும் அதிரத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் புள்ளி சும்மா நிற்கிறது, எந்தப் புள்ளி மிகுதியாக அதிர்கிறது என்ற அமைப்பு இடம் மாறுவதில்லை. அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் போவது போலத் தெரியாமல் நின்ற இடத்தில் நிற்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் சைக்கிளும் இப்படித்தான். சக்கரம் சுழலும், மிதிப்பவருக்கு வியர்க்கும், வண்டி ஒரு விரற்கடைகூட நகராது. இங்கெல்லாம் 'அசையாதது' என்று யோசித்தால் தயக்கம் வரும். 'எழுதுபொருளா?' என்று கேட்டால் தயக்கமே இல்லை. அலையும் சைக்கிளும் எழுதுபொருள் அல்ல, ஏ போடு.

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "சம்பந்தமே இல்லாத இரண்டு சொல்லுக்கு ஏன் மிஸ் ஒரே சத்தம் வைத்தார்கள்?" வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். சம்பந்தம் இருக்கிறது. நெருங்கிய சம்பந்தம்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் நிற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டவருக்கு 'நிற்பவர்' என்று பொருள்படும் பெயர். அப்படி நிலையாகக் கடை வைத்தவர்களில் முக்கியமானவர்கள், பல்கலைக்கழகங்களை ஒட்டிப் புத்தக வியாபாரம் செய்தவர்கள். அதனால் ஆங்கிலத்தில் ஸ்டேஷனர் என்றாலே புத்தகமும் காகிதமும் விற்பவர் என்று ஆகிவிட்டது. லண்டனில் இவர்கள் 1403-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1557-இல் அரச சாசனமும் பெற்றார்கள். அஞ்சல் அலுவலர் கேலியாகச் சொன்னது வரலாற்றின்படி பாதி உண்மை. நகராதது சரக்கு அன்று, கடைக்காரர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் பொலோனாவிலும் இந்தக் கடைக்காரர்கள் செய்த வேலை. அச்சு வராத காலம். பல்கலைக்கழகம் சரிபார்த்த மூலப் பிரதி ஒன்று கடையில் இருக்கும். அதைத் தைக்காமல் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மாணவர் ஒரு கட்டை வாடகைக்கு எடுத்துப்போய் நகலெடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டை வாங்கிப் போவார். ஒரே புத்தகத்தைப் பல பேர் ஒரே சமயத்தில் நகலெடுக்க முடியும். நம் கல்லூரி வாசல்களில் தேர்வுக்கு முதல் வாரம் ஜெராக்ஸ் கடையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதானே! 'ஜெராக்ஸ், ஸ்டேஷனரி' என்று ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கும் நம் கடைக்காரர்கள், தெரியாமலேயே எழுநூறு ஆண்டுப் பழக்கத்தைத் தொடர்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதில் எனக்கு ஓர் இலக்கண லாபமும் கிடைத்தது. கடைக்காரர் ஸ்டேஷனர். அந்தச் சொல்லின் கடைசியில் இ, ஆர் இருக்கின்றன. அவர் விற்பவற்றைக் குறிக்க ஒய் ஒன்றை ஒட்டினால் போதும். பேக்கர், பேக்கரி. குரோசர், குரோசரி. எல்லாம் ஒரே வார்ப்பு. ஏ-ஃபோர் கேட்ட பையனிடம் இதைச் சொன்னபோது அவன் விடவில்லை. "லைப்ரரி ஏ போட்டு வருகிறதே?" என்றான். லைப்ரர் என்று ஓர் ஆள் இருக்கிறாரா, சொல் என்றேன். யோசித்தான். டைரர்? அப்படியும் ஆள் இல்லை. ஆள் இருந்தால்தான் இந்த வழி செல்லும். அவனுக்கு எழுதுபொருள் உத்தியைவிட இதுதான் பிடித்திருந்தது. வகுப்பில் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள், காரணம் சொன்னால்தான் மண்டையில் ஏறும். மற்றவர்களுக்கு எழில் போதும்.

உத்தி படிந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வாக்கியம் இது: எழுதுபொருள் ஏற்றிய வேன் ஒன்று சிக்னலில் நகராமல் நின்றது. இதை ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு இடத்திலும் அந்த எட்டாவது எழுத்தை மட்டும் விட்டுவிடுவேன். நடத்திய அன்றைக்கே கேட்பதில் அர்த்தமில்லை, அன்றைக்கு எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள். பத்து நாள் கழித்து, வேறு பாடத்தின் நடுவில், முன்னறிவிப்பில்லாமல் கேட்பேன். இரண்டிலும் ஒரே எழுத்தைப் போடுகிற பிள்ளைக்கு இன்னும் வேறுபாடே தெரியவில்லை. தலைகீழாக மாற்றிப் போடுகிற பிள்ளைக்கு வேறுபாடு தெரியும், காது வழியாகப் போயிருக்கிறது. அதை மறுபடியும் எலி, எருமை எழுதச் சொன்னால் சரியாகிவிடும்.

அலுவலகத்துக்கு நான் எழுதும் தாள்களுக்கு வேறொரு பழக்கம் வைத்திருக்கிறேன். பள்ளிக்குச் சாமான் வாங்க விலைப்புள்ளி கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தச் சொல் நாலு இடத்தில் வரும். தட்டச்சு செய்து முடித்ததும் Ctrl+F அழுத்தி, தேடும் பெட்டியில் `stationar` என்று மட்டும் அடிப்பேன். ஏ போட்ட சொற்கள் மட்டும் வெளிச்சத்துக்கு வரும். சாமான் பட்டியலில் அப்படி ஒன்றுகூட வரக் கூடாது. நெளிகோட்டை நம்பிக் கெட்டவள் நான், அதனால் இதைச் செய்யாமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை.

கடைக்கு வருவோம். புதிதாக அடித்தால் செலவு என்று, பலகையில் அந்த ஓர் எழுத்தின் மேல் மட்டும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டச் சொன்னேன். பில் புத்தகத்தில் கொழுந்தன் நீல மையால் ஒவ்வொரு தாளிலும் திருத்தினார், பாதிப் புத்தகத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். ரப்பர் ஸ்டாம்பைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். ஒட்டிய சிவப்பும் அச்சடித்த சிவப்பும் ஒத்துப்போகவில்லை, தூரத்திலிருந்தே திட்டுத் தெரியும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் அந்த எழில் பெண் ஓடி வந்தாள். "மிஸ், கடைப் பலகையில் உங்கள் இ பாதி உரிந்துவிட்டது. உள்ளேயிருந்து ஏ எட்டிப் பார்க்கிறது" என்றாள்.